மூன்று வாரத் திட்டம்: தேதியைத் தேடாதீர்கள், தடையைத் தேடுங்கள்

கேள்வி: காட்பாடியில் தரை + 2 மாடிக் கட்டடத்துக்கு சைட் இன்ஜினியராக இருக்கிறேன். ஏப்ரல் 22 அன்று தரைத்தள ஸ்லாப் போட்டோம். அடுத்த ஸ்லாப் மே 16, சனிக்கிழமை என்று ஓனருக்குச் சொல்லியாகிவிட்டது. கம்பெனியில் வாராவாரம் மூன்று வார லுக் அஹெட் கேட்கிறார்கள். பார் சார்ட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் புதன்கிழமைக்குள் பொய்யாகிவிடுகிறது. ஆட்கள், மெட்டீரியல், இன்ஸ்பெக்‌ஷன் மூன்றையும் எப்படி ஒத்துப்போக வைப்பது?

பதில்:

பார் சார்ட்டிலிருந்து எடுத்து எழுதுவதுதான் சிக்கல். பார் சார்ட் "இந்த வேலை இந்த நாளில் நடக்க வேண்டும்" என்று சொல்லும். மூன்று வாரத் திட்டம் சொல்ல வேண்டியது வேறு: அந்த நாளில் அந்த வேலை நடக்க முடியுமா, முடியாதென்றால் எது தடுக்கிறது, அதை யார் எந்தத் தேதிக்குள் எடுத்துவிடுவார். தேதியை மட்டும் நகல் எடுத்தால் கையில் இருப்பது சின்ன பார் சார்ட், அவ்வளவுதான்.

1990களில் அமெரிக்காவில் கிளென் பலார்டும் கிரெக் ஹோவெலும் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். லாஸ்ட் பிளானர் என்று பெயர். பெரிய கம்பெனிகளில் சுவர் முழுக்க ஒட்டுத்தாள் ஒட்டிச் செய்வார்கள். நம் அளவு சைட்டுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். வேலை, இடம், எந்தக் குழு, எத்தனை பேர் என்று நான்கு பத்தி. அதற்குப் பக்கத்தில் தடை, யார் எடுப்பது, எப்போதைக்குள் என்று மூன்று பத்தி. முக்கியமானவை கடைசி மூன்றும்தான். நான் பார்த்த பெரும்பாலான தாள்களில் இந்த மூன்றும் காலியாகத்தான் இருக்கும், அல்லது மேலிருந்து கீழ்வரை "ஓகே" என்று இருக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு தடைகூட எழுதாத தாள் வந்தால், போட்டவர் யாரிடமும் பேசவில்லை என்று அர்த்தம்.

உங்கள் ஸ்லாப்பையே எடுத்துப் பார்ப்போம். நீங்கள் சொல்லாத விவரங்களை வழக்கமான அளவில் நானே வைத்துக்கொள்கிறேன்: பரப்பு 1,600 சதுர அடி, ஸ்லாப் கனம் 125 மிமீ, பீமையும் சேர்த்து சுமார் 25 கன மீட்டர் கான்கிரீட், இரண்டரை டன் கம்பி. திட்டம் போடும் நாள் ஏப்ரல் 25, சனிக்கிழமை மாலை.

மே 16இல் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். சனி காலை கான்கிரீட் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கம்பியைப் பார்ப்பது வியாழன் 14. வெள்ளிக்கிழமை மாலை பார்க்கவைத்து மறுநாள் விடியற்காலை ரெடிமிக்ஸ் வண்டியை வரச்சொல்வது நம் ஊரில் சகஜம். அவர் நான்கு திருத்தம் சொன்னால் அதைச் செய்ய நேரம் இருக்காது. சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே கான்கிரீட்டை ஊற்றிவிடுவார்கள். ஆகவே அவர் பார்த்த பிறகு ஒரு முழு நாள் காலியாக இருக்க வேண்டும். வியாழன் பார்க்க, கம்பி பரப்பிக் கட்டுவது திங்கள் 11 முதல் புதன் 13 வரை. எலக்ட்ரீஷியன் அதற்குள்தான் நுழைய வேண்டும். அடிக்கம்பி கட்டியபின், மேல் கம்பி மூடுவதற்குமுன் பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் வைத்துவிட வேண்டும். கம்பி முழுக்கக் கட்டியபின் வந்தால் அவர் இடுக்கியால் கம்பியை நெம்பித்தான் பைப்பை நுழைப்பார், கவர் பிளாக் எல்லாம் சரிந்து கிடக்கும். சென்ட்ரிங் அதற்கு முந்தைய வாரம், செவ்வாய் 5 முதல் சனி 9 வரை. கம்பியைக் கீழே வெட்டி வளைப்பது வியாழன் 7இல் தொடங்கும். காலம், அதாவது தூண், போடுவது ஏப்ரல் 28, 29. மே 1 தொழிலாளர் தினம், வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வேலை எதையும் எழுதாதீர்கள்.

இதுவரை பார் சார்ட்டும் சொல்லிவிடும். இனி ஒவ்வொரு வரியையும் பிடித்து "இது நடக்க என்ன வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் 7 அன்று வெட்ட வேண்டுமென்றால், அன்றைக்குக் கம்பி சைட்டில் இருந்தால் மட்டும் போதாது. வந்த லோடிலிருந்து மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பி முடிவு கையில் இருக்க வேண்டும். லேபில் கூட்டம் இருந்தால் நான்கைந்து நாள் ஆகும். அப்படியென்றால் கம்பி மே 2க்குள் இறங்க வேண்டும். அதற்கு ஆர்டர் 28ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஆர்டர் போக வேண்டுமென்றால் பார் பெண்டிங் ஷெட்யூல் வேண்டும், இல்லாவிட்டால் 8 மிமீ எவ்வளவு, 10 மிமீ எவ்வளவு என்பதே தெரியாது. ஷெட்யூல் போட டிராயிங் முடிந்திருக்க வேண்டும். டிராயிங் ஏன் முடியவில்லை என்று தோண்டினால், மேல்மாடிப் பின் அறையில் ஒரு பாத்ரூம் சேர்ப்பதா வேண்டாமா என்று ஓனர் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். பாத்ரூம் வந்தால் அங்கே சங்கன் ஸ்லாப், அதாவது அந்த இடம் மட்டும் கீழே இறங்கும், பீம் மாறும், கம்பி மாறும்.

ஆக, மே 16 கான்கிரீட்டின் உண்மையான தடை ஏப்ரல் 27, திங்கட்கிழமை ஓனர் சொல்ல வேண்டிய ஒரு பதில். மூன்று வாரத்துக்கு முன்னால் தேடாவிட்டால் இது மே 6 அன்று, கம்பி மேஸ்திரி "எந்த டிராயிங் சார்?" என்று கேட்கும்போதுதான் தெரியும். தாளில் இதை எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். "டிராயிங் நிலுவை" என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. "பின் அறை பாத்ரூம் உண்டா இல்லையா, ஓனர், 27 திங்கள் மாலைக்குள். தாண்டினால் ஸ்லாப் நாளுக்கு நாள் தள்ளும்" என்று எழுதி, அந்த வரியைப் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெரும்பாலும் அன்று ராத்திரியே பதில் வந்துவிடும்.

அடுத்து சென்ட்ரிங். இங்கே தடை ஆள் இல்லை, ஜாக்கி, அதாவது பலகையைத் தாங்கும் இரும்பு முட்டு. உங்கள் சைட்டில் ஒரு செட் ஷீட்டும் ஜாக்கியும்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், அதுவும் இப்போது கீழ் ஸ்லாப்புக்கு அடியில் நிற்கிறது. ஐஎஸ் 456:2000 சொல்வதை நினைவில் வையுங்கள்: 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண ஓபிசி சிமெண்ட்டுக்கான நாட்கள். ரெடிமிக்ஸில் ஃபிளை ஆஷ் கலந்திருந்தால் கூடுதல் நாள் விட வேண்டும், எத்தனை நாள் என்பதை உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். ஏப்ரல் 22இலிருந்து எண்ணினால் பீம் முட்டு மே 6க்கு முன் வராது. முன்பக்கம் 6 மீட்டருக்கு மேல் ஒரு பீம் இருந்தால் அது மே 13. அது போக, மேல் ஸ்லாப்பின் ஈர கான்கிரீட் எடை முழுவதும் கீழ் ஸ்லாப் மேல்தான் இறங்கும், ஆகவே கீழே உள்ள முட்டுகளை ஒரேயடியாகக் கழற்றவும் கூடாது. செவ்வாய் 5 அன்று சென்ட்ரிங் தொடங்க எவ்வளவு ஜாக்கி குறைகிறது என்று சென்ட்ரிங் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணுங்கள். 60 குறைந்தால் 60 வாடகைக்குச் சொல்லுங்கள். முகூர்த்த மாதத்தில் ஷாமியானா நாற்காலி தேடுகிற மாதிரி, வெயில் காலத்தில் ஜாக்கி தேடுவதும் கஷ்டம், எல்லா சைட்டிலும் ஸ்லாப் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரத்திலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஆட்கள். மேஸ்திரியிடம் "16ஆம் தேதி ஆள் வந்துடுமா?" என்று கேட்டால் "வந்துடும் சார்" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை, மரியாதை. கேட்க வேண்டியது வேறு மாதிரி.

"மேஸ்திரி, உங்க ஆளுங்க இப்ப எந்த சைட்ல இருக்காங்க?"

"சத்துவாச்சாரியில சார், ஒரு பூச்சு வேலை."

"அது எப்ப முடியும்?"

"மே பத்து, பதினொண்ணு ஆயிடும்."

"கான்கிரீட் அன்னிக்கு பன்னெண்டு பேர் வேணும். யாரு யாரு எந்த ஊரு?"

"பாதி பேர் குடியாத்தம் பக்கம் சார்... பதினாறுன்னா சொன்னீங்க? சிரசு இருக்கே!"

அவ்வளவுதான், தேதி உடைந்துவிட்டது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இந்தத் தடவை அது வெள்ளி 15. குடியாத்தம் ஆட்கள் வியாழனே கிளம்பிவிடுவார்கள், சனிக்கிழமை எவ்வளவு கூலி கொடுத்தாலும் ஒருவரும் வரமாட்டார்கள், வரச்சொல்லவும் கூடாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் போடும் காலண்டரில் இது இருக்காது. மாசியில் மயானக் கொள்ளை, ஆடிக் கிருத்திகை, பொங்கல் சமயத்தில் ஊர் ஊராக மாடு விடும் விழா, இதெல்லாம் வேலூர்ப் பக்கத்துத் திட்டத்தில் அரசு விடுமுறையைவிட முக்கியம். வருஷ ஆரம்பத்திலேயே ஒவ்வொரு மேஸ்திரியிடமும் அவர் ஊர்த் திருவிழா எப்போது என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கம்பி வேலைக்கு ஒடிசா, பீகார் ஆட்கள் என்றால் அவர்கள் ஊர் போகும் மாதம் தனி.

சனிக்கிழமை கணக்கு முடித்துக் கூலி வாங்குவதால் திங்கட்கிழமை வருகை எப்போதும் குறைவு. இதையும் கணக்கில் எடுத்தால் ஸ்லாப்புக்குச் சரியான நாள் மே 19, செவ்வாய். ஓனரிடம் இதை மே 15 அன்று சொன்னால் திட்டு. ஏப்ரல் 25 அன்று சொன்னால் "சரி, அப்படியே வெச்சுக்கோங்க" என்பார்.

தேதி மூன்று நாள் தள்ளினால் மற்றதெல்லாம் தள்ள வேண்டியதில்லை. கம்பிக் குழுவுக்குச் சிரசு இல்லை, அவர்கள் 11 முதல் 13 வரை கட்டட்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சென்னையிலிருந்து வியாழன்தோறும் வருகிறவர் என்றால் 14ஆம் தேதியே பார்க்கட்டும். திருத்தத்துக்கு வெள்ளியும் சனியும் கிடைக்கிறது. திங்கள் 18 அன்று நீங்கள் ஒரு சுற்றுப் பார்த்து, கவர் பிளாக் நகர்ந்திருந்தால் சரிசெய்து, ஷீட்டு மேல் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளி, பிளம்பர் வைத்த ஸ்லீவ் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளை அழைக்கும்போது ஒன்று கவனியுங்கள். அவர் வரும் நாளில் பார்க்க வேண்டியது முடிந்திருக்க வேண்டும். பாதி கட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு "மீதியையும் இப்படியே கட்டுங்கள்" என்று போய்விட்டால் அது இன்ஸ்பெக்‌ஷனே இல்லை.

இன்னொரு பார்வையாளரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பேங்க் இன்ஜினியர். ஓனர் லோன் வாங்கிக் கட்டுகிறார் என்றால், தரைத்தள ஸ்லாப் முடிந்ததை அவர் வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுத்த பிறகுதான் அடுத்த தவணை வரும். ரெடிமிக்ஸ்காரர் முன்பணம் இல்லாமல் வண்டி அனுப்பமாட்டார். ஆகவே பேங்க்காரர் வருகை மே முதல் வாரத்தில் நடக்க வேண்டும், அதை ஓனர்தான் கேட்டு வாங்க வேண்டும். இது உங்கள் வேலையில்லை என்று விட்டுவிட்டால் 18ஆம் தேதி உங்களுக்குத்தான் தலைவலி.

கான்கிரீட் அன்றைக்கு 25 கன மீட்டர் என்பது 6 கன மீட்டர் வண்டியில் ஐந்து நடை. அக்னி நட்சத்திர வெயிலில் விடியற்காலையே தொடங்க வேண்டும். தண்ணீர் சேர்த்து லோடு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ரெடிமிக்ஸ் விதி. பிளாண்ட் வேலூர்ப் பக்கம் என்றால் கிரீன் சர்க்கிளையும் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தையும் எட்டரை மணிக்குத் தாண்டிப் பாருங்கள், புரியும். கடைசி வண்டி எட்டு மணிக்குள் சைட்டுக்கு வந்துவிடும்படி முதல் வண்டியின் நேரத்தை வையுங்கள். பம்பு எங்கே நிற்கும், தெருவில் மேலே மின்கம்பி போகிறதா என்பதை இரண்டாவது வாரத்திலேயே பம்புக்காரர் வந்து பார்த்துவிட வேண்டும். வலிமைச் சோதனைக்குக் கியூப் எடுப்பதற்கு 16 முதல் 30 கன மீட்டர் வரை மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். அச்சு ஒன்பதும் முந்தின நாளே சைட்டில் இருக்கட்டும், 7 நாளிலும் உடைத்துப் பார்ப்பதாக இருந்தால் அதற்குத் தனி அச்சு. தண்ணீரையும் இப்போதே எழுதுங்கள். மே மாதத்தில் பாத்தி கட்டிப் பத்து, பதினான்கு நாள் நிறுத்த வேண்டிய தண்ணீருக்குப் போர்வெல் போதாது, டேங்கர் சொல்லி வைக்க வேண்டும்.

இத்தனை தடையும் ஒரே நாளில் தீராது. மூன்றாவது வாரத்தில் இருப்பதற்குத் தடையைக் கண்டுபிடித்து எழுதினால் போதும். இரண்டாவது வாரத்துக்கு வரும்போது அந்தத் தடைகளைத் தீர்க்கும் வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாரத்துக்குள், அதாவது நாளை மறுநாள் தொடங்கும் வேலைகளில், தடை தீர்ந்தது மட்டும்தான் நுழைய வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். கம்பி இன்னும் வரவில்லை, ஆனாலும் "எப்படியும் வந்துவிடும்" என்று கம்பிக் குழுவை வரச்சொல்கிறோம். ஐந்து பேர் நிழலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள், அரை நாள் கூலி போகிறது. இரண்டு தடவை அப்படி நடந்தால் அந்த மேஸ்திரி உங்கள் சைட்டைக் கடைசி இடத்தில் வைத்துவிடுவார், மூன்றாவது தடவை கம்பி இருக்கும், ஆள் இருக்காது.

தடை தீர்ந்ததா என்பதற்கும் ஒரு அளவுகோல் வையுங்கள். "சொல்லியாச்சு" என்பது தீர்ந்ததாகாது. கம்பி என்றால் சைட்டில் இறங்கி லேப் ரிப்போர்ட் கையில். ஜாக்கி என்றால் எண்ணி அடுக்கியது. டிராயிங் என்றால் கையெழுத்தோடு சைட்டில் உள்ள பிரதி. அதுவரை அந்த வரி தடை வரிதான்.

தடை தீராமல் ஒரு வேலை நின்றால் அந்தக் குழு என்ன செய்யும் என்பதற்கும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். பலரும் "தரைத்தளத்தில் செங்கல் கட்டு கொடுத்துவிடலாம்" என்பார்கள். கீழே ஜாக்கி நிற்கும்வரை அங்கே சுவர் எழுப்ப முடியாது, அது மாற்று வேலை ஆகாது. காம்பவுண்டு சுவர், சம்ப், செப்டிக் டேங்க் மாதிரி ஸ்லாப்போடு சம்பந்தமே இல்லாத ஒன்றை, மெட்டீரியலோடு, எப்போதும் கைவசம் வைத்திருங்கள். உங்கள் கொத்தனார் குழு மே முதல் இரண்டு வாரமும் அதில்தான் இருக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை மாலை, கூலி கொடுப்பதற்கு முன்னால், மேஸ்திரிகளை அரை மணி நேரம் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். பணம் வாங்க எல்லாரும் எப்படியும் வருவார்கள், தனியாகக் கூட்டம் போட வேண்டாம். சென்ட்ரிங்காரரும் கம்பிக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒரே இடத்தில் இருந்தால், "நீ எப்ப முடிப்ப, நான் எப்ப ஏறட்டும்" என்று அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். போன வாரம் சொன்ன பத்து வேலையில் எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். ஆறு முடிந்திருந்தால் 60 சதவீதம். அந்த எண்ணை வைத்து மேஸ்திரியைக் குறை சொல்லத் தொடங்கினால், அடுத்த வாரம் அவர் பாதி வேலைக்குத்தான் வாக்குக் கொடுப்பார், 100 சதவீதமும் வந்துவிடும், ஸ்லாப் மட்டும் நகராது. எண்ணைவிட, முடியாத நான்கும் ஏன் முடியவில்லை என்பதை ஒரு சொல்லில் எழுதிவையுங்கள்: ஆள், மெட்டீரியல், டிராயிங், பணம், முன் வேலை முடியவில்லை, மழை. ஒன்றிரண்டு மாதத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை "ஆள்" என்று எழுதியதில் பாதியைக் கிளறினால் அடியில் டிராயிங்கோ பணமோ இருக்கும்.

இந்த முறைக்குள் அடங்காததும் உண்டு. மே மாத இறுதியில் சாயங்காலம் திடீரென்று இடியோடு மழை கொட்டினால் எந்தத் தாளும் உதவாது, தார்ப்பாய்தான் உதவும். பிளாண்டில் மிஷின் பழுதானாலும் அப்படித்தான். 19ஆம் தேதிக்கு இன்னொரு பிளாண்டின் நம்பரையும் விலையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதே மிக்ஸ் டிசைன் அவர்களிடம் இருக்கிறதா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் 14ஆம் தேதியே கேட்டுவிடுங்கள்.